ஆப்ட்-அவுட் பண்ணியும் லோன் கால் நிக்கலையா? டேட்டாவை அழிக்க வைக்கிற வழி

"அண்ணா, நான் பாலக்கோடு பக்கம். போன வருஷம் ட்ராக்டர் ரிப்பேருக்கு பணம் தேவைப்பட்டு ஒரு லோன் ஆப்ல டீடெயில் எல்லாம் போட்டேன், ஆனா லோன் வாங்கல. ஆப்பை எடுத்துட்டேன், ஸ்டாப்னு மெசேஜும் அனுப்பிட்டேன், டிஎன்டியும் போட்டாச்சு. இன்னும் தினம் நாலஞ்சு கால் வருது. என் டேட்டாவை அவங்ககிட்ட இருந்து முழுசா அழிக்க வைக்க முடியுமா?"

முடியும் தம்பி. ஆனா நீங்க பண்ண மூணு வேலையும் மூணு வேற வேற இடத்துல போய் நின்னுடுச்சு, எதுவுமே உங்க டேட்டா இருக்கிற இடத்துக்குப் போகல, அதான் கால் நிக்கல. ஆப்பை எடுத்தா உங்க போன்ல இருந்து ஆப் போச்சு அவ்வளவுதான், நீங்க போட்ட பேரு, பான் நம்பர், சம்பள விவரம் எல்லாம் அவங்க சர்வர்ல அப்படியே இருக்கும். ஸ்டாப்னு அனுப்பினது அந்த ஒரு பேர்ல வர்ற எஸ்எம்எஸ்ஸை மட்டும் நிறுத்தும். டிஎன்டி நல்லதுதான், ஆனா அது நீங்க சம்மதம் கொடுக்காத விளம்பரத்தைத் தடுக்கத்தான். நீங்க ஆப்ல "ஒப்புக்கொள்கிறேன்"னு ஒரு கட்டத்துல டிக் போட்டிருப்பீங்க பாருங்க, அதைக் காட்டி "இவரே எங்களைக் கூப்பிடச் சொல்லியிருக்கார்"னு கம்பெனி சொல்லிடும். அந்த டிக்கை வாபஸ் வாங்காத வரைக்கும் டிஎன்டி போட்டும் அவங்களுக்கு ஒரு சந்து இருக்கு.

நான் ஓசூர்ல ஒரு லோன் ஏஜென்ட் ஆபீஸ்ல டெலிகாலிங் டீம்ல ஆறு வருஷம் இருந்தேன், அதனால உள்ள என்ன நடக்குதுன்னு கண்ணால பாத்தது. காலைல ஒரு எக்செல் ஷீட் வரும், அதுக்கு லீட் ஷீட்னு பேரு. ஒரு ஆளுக்கு ஒரு வரி: பேரு, நம்பர், ஊரு, எவ்வளவு கேட்டிருக்கார், கடைசி கட்டத்துல ரிமார்க். நீங்க போனை எடுக்கலைன்னா ஆர்என்ஆர்னு போடுவாங்க, ரிங் போச்சு எடுக்கலைன்னு அர்த்தம், அது சாயங்காலம் திரும்ப டயல் ஆகும். "வேலையா இருக்கேன், அப்புறம் பேசறேன்"னு மரியாதைக்கு சொன்னீங்கன்னா சிபி, அதாவது கால் பேக், அது நாளைக்கு வரும். "வேண்டாம்"னு சொன்னா என்ஐ, அதாவது நாட் இன்ட்ரெஸ்டட். அப்பாடா முடிஞ்சதுன்னு நீங்க நினைப்பீங்க, ஆனா அடுத்த மாசம் கம்பெனில இருந்து புது ஷீட் வரும்போது உங்க வரி மறுபடி சுத்தமா, ரிமார்க் கட்டம் காலியா வந்து நிக்கும். ஏன்னா ரிமார்க் எழுதினது ஏஜென்ட் ஷீட்ல, ஒரிஜினல் பதிவு இருக்கிறது கம்பெனி சிஸ்டத்துல. டெலிகாலர் பொண்ணைத் திட்டி ஒரு பிரயோஜனமும் இல்ல, அதுகிட்ட அழிக்கிற பட்டனே கிடையாது, டார்கெட் மட்டும்தான் இருக்கு.

அதனால மொதல்ல யார்கிட்ட கேக்கணும்னு பிடிக்கணும். நீங்க போட்ட ஆப் வேற, பணம் கொடுக்கிற கம்பெனி வேற. ஆப் பெரும்பாலும் வெறும் தரகு, பின்னாடி ஒரு பேங்க்கோ, ரிசர்வ் பாங்க்ல பதிவு பண்ண ஃபைனான்ஸ் கம்பெனியோ இருக்கும், அதைத்தான் என்பிஎஃப்சின்னு சொல்றோம். ஆப்பும் ஏஜென்ட்டும் பண்ற தப்புக்கு ரிசர்வ் பாங்க் கிட்ட பதில் சொல்ல வேண்டியது இந்தப் பின்னாடி இருக்கிற கம்பெனிதான். எந்தக் கம்பெனின்னு கண்டுபிடிக்க உங்க பழைய எஸ்எம்எஸ்ஸைத் தேடுங்க, "உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது"ன்னு ஒண்ணு வந்திருக்கும், அதுல அப்ளிகேஷன் நம்பரும் கம்பெனி பேரும் இருக்கும். அது இல்லைன்னா ஆப்போட வெப்சைட்ல கீழ போய் பிரைவசி பாலிசியைத் தொறந்து பாருங்க, லெண்டிங் பார்ட்னர்னு போட்டிருப்பாங்க. எந்தெந்த ஆப், எந்தெந்த ஏஜென்ட் தங்களுக்காக வேலை செய்றாங்கன்னு கம்பெனியும் தன் வெப்சைட்ல லிஸ்ட் போட்டாகணும், அது ரிசர்வ் பாங்க் விதி. அதே பக்கத்துல குறைதீர்ப்பு அதிகாரி பேரு, மெயில் ஐடி இருக்கும். கஸ்டமர் கேர் மெயிலுக்கு மட்டும் அனுப்பிட்டு உக்காராதீங்க, இந்த அதிகாரிக்கு அனுப்பிட்டு கஸ்டமர் கேரை காப்பில போடுங்க.

மெயில்ல என்ன கேக்கணும்ங்கிறதுதான் முக்கியம், இங்கதான் நெறைய பேர் கோட்டை விடறாங்க. "கால் பண்ணாதீங்க, என் டேட்டாவை டெலீட் பண்ணுங்க"ன்னு ரெண்டு வரி எழுதினா, அவங்க "உங்கள் நம்பரை டிஎன்டி லிஸ்டில் சேர்த்துவிட்டோம்"னு ஒரு பதில் அடிச்சு கேஸை க்ளோஸ் பண்ணிடுவாங்க. டேட்டா அப்படியே இருக்கும். கால் நிக்கறது ஒரு வேலை, டேட்டா அழியறது இன்னொரு வேலை, ரெண்டையும் தனித்தனியா கேட்டு ரெண்டுக்கும் தனித்தனியா பதில் வாங்கணும். நான் எழுதிக் கொடுக்கிற மெயில் இப்படித்தான் இருக்கும்:

"எனது விண்ணப்ப எண் இது, பதிவு செய்த மொபைல் எண் இது. இந்த விண்ணப்பத்தை நான் திரும்பப் பெறுகிறேன், உங்கள் சிஸ்டத்தில் இதை மூடிவிடவும். என் தகவல்களைச் சேகரிக்கவும், பயன்படுத்தவும், மற்றவர்களுக்குக் கொடுக்கவும் விளம்பரத்துக்காகத் தொடர்பு கொள்ளவும் நான் முன்பு கொடுத்த சம்மதம் அனைத்தையும் இன்றைய தேதியிலிருந்து ரத்து செய்கிறேன். உங்களிடமும், உங்கள் ஆப்பிலும், ஏஜென்ட்களிடமும் உள்ள என் தகவல்களை அழித்து, அழித்த தேதியை எழுத்தில் தெரிவிக்கவும். என் தகவல் யார் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்ற பட்டியலைத் தரவும். எதையாவது அழிக்க முடியாது என்றால், எது, எந்தச் சட்டத்தின் கீழ், எவ்வளவு காலத்துக்கு என்று தனியாகச் சொல்லவும். என் மொபைல் எண்ணை மட்டும் 'அழைக்கக் கூடாதவர்' பட்டியலில் வைத்துக்கொள்ளலாம், வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது."

கம்பெனி ஆபீஸ் வெளி மாநிலத்துல இருந்தா இதையே யாரையாவது இங்கிலீஷ்ல எழுதித் தரச் சொல்லி அனுப்புங்க, பதில் சீக்கிரம் வரும். எந்த மொபைல் நம்பரை ஆப்ல கொடுத்தீங்களோ அதையே மெயில்ல எழுதுங்க, எந்த மெயில் ஐடியைக் கொடுத்தீங்களோ அதுல இருந்தே அனுப்புங்க.

இதுல மொத வரியையும் கடைசி வரியையும் கொஞ்சம் விளக்கணும். விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன்னு ஏன் எழுதணும்னா, நீங்க லோன் வாங்காம பாதில விட்டுட்டீங்க, அவங்க சிஸ்டத்துல அது இன்னும் "நடந்துக்கிட்டு இருக்கு"ன்னுதான் இருக்கும். அப்படி இருக்கிற வரைக்கும் அவங்க பண்ற காலை விளம்பரம்னே ஒத்துக்க மாட்டாங்க, "சார் உங்க அப்ளிகேஷன் பெண்டிங்ல இருக்கு, அதுக்குத்தான் கூப்பிட்டோம்"னு சேவை கால் மாதிரி காட்டுவாங்க. விண்ணப்பம் மூடினப்புறம் அந்தச் சாக்கு செல்லாது.

கடைசி வரி இன்னும் முக்கியம். எல்லாத்தையும் அழின்னு கேட்டு, அவங்களும் நேர்மையா எல்லாத்தையும் அழிச்சிட்டாங்கன்னு வைங்க. உங்க நம்பர் "கூப்பிடக் கூடாது" லிஸ்ட்ல இருந்தும் போயிடும். அடுத்த மாசம் இன்னொரு தரகர்கிட்ட இருந்து கிருஷ்ணகிரி, தர்மபுரி ஏரியா நம்பர்னு பத்தாயிரம் பேர் லிஸ்ட் வாங்குவாங்க, அதுல உங்க நம்பர் இருந்தா, ஒதுக்கி வைக்கிறதுக்கு பழைய பதிவு எதுவும் இல்லாததால நீங்க அவங்களுக்குப் புது ஆளு, கால் வந்துடும். நான் வேலை பாத்த எடத்துல இது நடந்து பாத்திருக்கேன், சண்டை போட்டு டெலீட் பண்ண வெச்ச ஆளுக்கே மூணு மாசத்துல மறுபடி கால் போச்சு, அவர் எங்களை ஏமாத்திட்டாங்கன்னு கத்தினார், அவர் பக்கம் நியாயம் இருந்தது. அதனால நம்பரை மட்டும், பேரு கூட இல்லாம, அந்தத் தடை லிஸ்ட்ல விட்டுட்டு மிச்சத்தை அழிக்கச் சொல்றதுதான் சரியான கோரிக்கை.

சட்டம் எதைக் காட்டறதுன்னு கேப்பீங்க. எல்லாரும் 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைத்தான் சொல்லுவாங்க. சம்மதத்தை வாபஸ் வாங்கலாம், அழிக்கச் சொல்லலாம், சம்மதம் கொடுத்தது எவ்வளவு சுலபமோ வாபஸ் வாங்கறதும் அவ்வளவு சுலபமா இருக்கணும்னு அதுல தெளிவா இருக்கு. ஆனா அதுக்கான விதிகளே 2025 நவம்பர்லதான் வந்துச்சு, கம்பெனிகள் மேல கடமையா வர்ற முக்கியமான பகுதிகளுக்கு அதுல இருந்து 18 மாசம் டைம் கொடுத்திருக்காங்க, அதாவது 2027 மே. அதுக்கு முன்னாடி அதை மட்டும் காட்டி மிரட்டினா விவரம் தெரிஞ்ச லீகல் டீம் அசையாது. லோன் விஷயத்துல இப்பவே கையில இருக்கிற ஆயுதம் ரிசர்வ் பாங்க் டிஜிட்டல் லெண்டிங் விதி. 2022 செப்டம்பர்ல வந்தது, 2025 மே மாசம் திருத்தி எழுதினாங்க. கடன் கேக்கிறவர் எந்தத் தகவலுக்கு சம்மதம், எதுக்கு இல்லைன்னு சொல்லலாம், மூணாவது ஆளுக்குக் கொடுக்காதேன்னு தடுக்கலாம், கொடுத்த சம்மதத்தை ரத்து பண்ணலாம், தேவைப்பட்டா ஆப்பை அந்தத் தகவலை அழிக்க வைக்கலாம்னு அதுலயே இருக்கு. உங்க காண்டாக்ட் லிஸ்ட், கால் லாக், போட்டோ இதையெல்லாம் ஆப் தொடவே கூடாதுன்னும் இருக்கு. அதனால மெயில்ல இந்த விதியை மொதல்ல எழுதி, 2023 சட்டத்தை அடுத்த வரில வைங்க.

அழிக்க முடியாததும் உண்டு, அதையும் தெரிஞ்சுக்கிட்டுதான் பேசணும். லோன் வாங்கி அடைச்சு முடிச்சவரா இருந்தா, ஆதார், பான் மாதிரி அடையாளத்துக்குக் கொடுத்த கேஒய்சி ஆவணத்தையும் பணப் பரிவர்த்தனை கணக்கையும் கருப்புப் பணத் தடுப்புச் சட்டப்படி கம்பெனி குறைஞ்சது 5 வருஷம் வெச்சிருந்தாகணும், நீங்க கேட்டாலும் அழிக்க மாட்டாங்க, அதுல தப்பு இல்ல. ஆனா வெச்சிருக்கிறது ஒண்ணு, அதைப் பாத்து உங்களுக்கு டாப்-அப் லோன் விக்கக் கூப்பிடறது வேற, ரெண்டாவதுக்கு அந்தச் சட்டம் உரிமை தரல. நீங்க லோனே வாங்கல, உங்களுக்கும் கம்பெனிக்கும் கணக்கே கிடையாது, அதனால "கேஒய்சி சட்டம்"னு பொதுவா சொன்னா எந்தப் பிரிவுன்னு கேளுங்க.

என் மச்சானுக்கு நடந்ததைச் சொல்றேன். அவர் காவேரிப்பட்டினத்துல மாங்கா மண்டி வெச்சிருக்கார், 2025 மே மாசம் சீசன்ல தோட்டத்துக்கு அட்வான்ஸ் கொடுக்க ரெண்டு லட்சம் தேவைப்பட்டு ஒரு ஆப்ல போட்டார், கடைசில சொந்தக்காரர்கிட்ட பணம் கிடைச்சதால லோன் எடுக்கல. லோடு ஏத்தற நேரத்துல காலைல ஆறேழு கால், ஹிந்தில பாதி, கன்னடத்துல பாதி. ஜூன் 2ஆம் தேதி மேல சொன்ன மாதிரி மெயில் போட்டோம். 5ஆம் தேதி ஒரு பதில் வந்துச்சு, "உங்கள் அடையாளத்தை உறுதி செய்ய ஆதார், பான் காப்பி, ஒரு செல்ஃபி அனுப்பவும்"னு. டேட்டாவை அழின்னு கேட்டா இன்னும் டேட்டா கொடுன்னு கேக்கறாங்க, அதைக் கொடுத்துடாதீங்க. "விண்ணப்பத்துல உள்ள மொபைலுக்கு ஓடிபி அனுப்புங்க, நான் உறுதி செய்றேன், அதுக்கு மேல எந்த ஆவணமும் தர மாட்டேன்"னு எழுதினோம், ஒத்துக்கிட்டாங்க, ஓடிபியை யார்கிட்டயும் வாயால சொல்லாம அவங்க வெப்சைட் பக்கத்துலயே போட்டார். 11ஆம் தேதி அந்த வழக்கமான பதில் வந்துச்சு, நம்பரை டிஎன்டில சேர்த்துட்டோம்னு. நான் அதுக்கு கீழயே அதே மெயில் சங்கிலில, "கேட்டது அஞ்சு விஷயம், பதில் வந்தது ஒண்ணுக்கு, மிச்ச நாலு இதோ"ன்னு திரும்ப எழுதினேன். புது மெயிலா போட்டா புது டிக்கெட் நம்பர் ஆயிடும், நாள் கணக்கு மொதல்ல இருந்து ஆரம்பிக்கும், அதனால எப்பவும் அதே சங்கிலியில பதில் போடுங்க. ஜூன் 27ல விண்ணப்பம் மூடியாச்சு, தகவல் அழிச்சாச்சு, ரெண்டு ஏஜென்ட் கம்பெனிக்குக் கொடுத்திருந்தோம், அவங்களையும் அழிக்கச் சொல்லிட்டோம்னு எழுத்துல வந்துச்சு.

30 நாள்ல பதில் வரலைன்னாலோ, வந்த பதில் சரியில்லைன்னாலோ cms.rbi.org.in போய் ரிசர்வ் பாங்க் ஆம்புட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர்கிட்ட புகார் போடலாம், காசு கிடையாது, வக்கீல் வேண்டாம், அந்த மெயில் சங்கிலியை பிடிஎஃப்பா இணைச்சா போதும். மச்சானுக்கு அது வரைக்கும் போகல.

ஆனா ஜூலை 9ஆம் தேதி மறுபடி ஒரு கால், சாதாரண பத்து இலக்க மொபைல் நம்பர்ல இருந்து. இந்த எடத்துல நம்பரைப் பாக்கத் தெரியணும். விளம்பர கால் 140ன்னு ஆரம்பிக்கிற நம்பர்ல இருந்துதான் வரணும், பேங்க் மாதிரி எடத்துல இருந்து வர்ற சேவை கால் 1600ன்னு ஆரம்பிக்கும். சாதாரண மொபைல் நம்பர்ல இருந்து லோன் விக்கறதே தப்பு, நீங்க டிஎன்டி போடாட்டியும் அது மேல புகார் கொடுக்கலாம். எஸ்எம்எஸ்னா அனுப்பினவர் பேருக்குப் பின்னாடி -P இருந்தா விளம்பரம், -S சேவை, -T பரிவர்த்தனை. -S போட்டு ஆஃபர் அனுப்பினா அதுவும் புகாருக்கு உரியது.

மச்சான் கட் பண்ணாம ஒரு நிமிஷம் பேசினார், நான் சொல்லி வெச்சிருந்தேன். எந்தக் கம்பெனி லோன், எந்த ஆபீஸ்ல இருந்து பேசறீங்க, என் நம்பர் எங்க கிடைச்சுது, இந்த மூணைத்தான் கேக்கணும். அந்தப் பையன் கம்பெனி பேரைச் சொல்லிட்டான். அன்னைக்கு சாயங்காலமே விளம்பரத் தொல்லைக்குப் புகார் கொடுக்கிற 1909 நம்பருக்கு எஸ்எம்எஸ்ல என்ன சொன்னாங்கன்னு சுருக்கமா, கூப்பிட்ட நம்பர், தேதி மூணையும் போட்டு அனுப்பினார். போன் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தற அரசு அமைப்பான டிராயோட டிஎன்டி ஆப்லயும் போடலாம், அது கால் லிஸ்ட்ல இருந்தே நம்பரை எடுத்துக்கும். கால் வந்து 7 நாளுக்குள்ள போட்டாகணும், முன்னாடி 3 நாள்தான் இருந்துச்சு, டிராய் விதியில 2025 பிப்ரவரி திருத்தத்துல நீட்டிச்சாங்க. புகார் எண் எஸ்எம்எஸ்ல வரும், அதை அழிச்சிடாதீங்க.

ஒரே ஒரு புகார்ல நம்பர் கட் ஆகலைன்னு மனசு விட்டுடக் கூடாது. 10 நாளுக்குள்ள அஞ்சு பேர் ஒரே நம்பர் மேல புகார் கொடுத்தா ஆபரேட்டர் நடவடிக்கையில இறங்கணும்னு அந்தத் திருத்தத்துலயே இருக்கு. மொத தடவைன்னா அந்த ஆளோட அவுட்கோயிங் 15 நாள் நிக்கும், திரும்பப் பண்ணா ஒரு வருஷத்துக்கு எல்லா கனெக்ஷனும் போயிடும். டெலிகாலர் ஏரியா பாத்துதான் டயல் பண்றாங்க, உங்களுக்கு வந்த அதே நம்பர் உங்க தெருவுல இன்னும் நாலு பேருக்கு வந்திருக்கும், கேட்டுப் பாருங்க. மண்டில அப்படித்தான் ஆச்சு, விசாரிச்சா அந்த நம்பர்ல இருந்து லாரி ஆபீஸ்காரருக்கும், எடை போடற பையனுக்கும், பக்கத்து மண்டி ரெண்டு பேருக்கும் அதே வாரம் கால் வந்திருக்கு, அஞ்சு பேரும் புகார் போட்டாங்க, அடுத்த வாரத்துல இருந்து அந்த நம்பர்ல இருந்து கால் வரல.

அதோட, ஜூன் 27 மெயிலுக்குக் கீழயே "நீங்க அழிச்சிட்டோம்னு சொன்ன 12 நாள் கழிச்சு உங்க பேரைச் சொல்லி இந்த நம்பர்ல இருந்து கால் வந்திருக்கு, 1909 புகார் எண் இது, என் நம்பர் எந்த ஏஜென்ட்கிட்ட இன்னும் இருக்கு"ன்னு கேட்டோம். மூணாவதா ஒரு ஏஜென்ட் இருந்ததை அப்பதான் ஒத்துக்கிட்டாங்க. எழுத்துல வாங்கின அந்தத் தேதி கையில இல்லைன்னா இந்தக் கேள்வியைக் கேக்கவே முடிஞ்சிருக்காது.

டிஎன்டி உண்மையிலேயே ஏறியிருக்கான்னு நீங்களும் ஒரு தடவை பாத்துடுங்க. 1909க்கு போன் பண்ணிக் கேக்கலாம், இல்லைன்னா START 0ன்னு அதே நம்பருக்கு அனுப்பி உறுதி மெசேஜ் வருதான்னு பாருங்க. வீட்டுல ரெண்டு சிம் இருந்தா ரெண்டுக்கும் தனித்தனியா போடணும். சில பேருக்கு "உங்க டிஎன்டியை சரி பண்றோம், இல்லைன்னா சிம் கட் ஆயிடும்"னு டிராய் பேரைச் சொல்லிக் கால் வருது, டிராய் யாரையும் அப்படிக் கூப்பிடாது, அது மோசடி, பேசாம வெச்சிடுங்க.

இன்னைக்கு ராத்திரி எஸ்எம்எஸ்ல அந்த அப்ளிகேஷன் நம்பரைத் தேடி ஸ்க்ரீன்ஷாட் எடுத்துடுங்க. போன் மெமரி நிறைஞ்சிடுச்சுன்னு பழைய மெசேஜை மொத்தமா அழிச்சிட்டா அந்த நம்பர் போயிடும், அது இல்லாம மெயில் போட்டா "பதிவு எதுவும் இல்லை"ன்னு ஒரே வரில அனுப்பிடுவாங்க. கிடைக்கலைன்னா ஆப்ல கொடுத்த மெயில் ஐடியில ஸ்பாம் ஃபோல்டரையும் பாருங்க.